வாடகை 18,000, விற்க 10 மணி நேரம்: பணியாரத் தட்டுக்கு என்ன விலை?

கேள்வி: கோவையில் இரண்டு நாள் உணவு மேளாவில் ஸ்டால் எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். வாடகை 18,000. தினமும் மாலை 5 முதல் 10 வரைதான். வீட்டிலிருந்து காரக் குழிப்பணியாரம் 6 கொண்ட தட்டு 40 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். 12 குழிக் கல் இரண்டு இருக்கிறது. நானும் கணவரும், கூட இரண்டு ஆள். 600 தட்டு போகும் என்று நடத்துபவர்கள் சொல்கிறார்கள். 18,000-ஐ 600-ஆல் வகுத்தால் 30 வருகிறது. அதை 40-உடன் சேர்த்து 70 என்று வைத்தால் சரியாக இருக்குமா?

பதில்:

70 என்ற விலையில் பெரிய தப்பில்லை, அதற்கு நீங்கள் வந்த வழிதான் தப்பு. 600 தட்டு போகும் என்று வைத்துக்கொண்டு வாடகையை வகுத்தீர்கள். ஆனால் எத்தனை தட்டு போகும் என்பது விலையைப் பொறுத்தது, அதைவிட உங்கள் கல்லைப் பொறுத்தது. 300 தட்டுதான் போகும் என்றால் இதே முறையில் 100 ரூபாய் வைக்க வேண்டிவரும். கூட்டம் குறைவாக வரும் மேளாவில் விலையை ஏற்றச் சொல்கிற கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்?

நான் ஈரோட்டில் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறேன். மேளா ஸ்டால் போடுவதும் உண்டு. முதல் மேளாவில் உங்களைப் போலவே வகுத்துத்தான் விலை வைத்தேன். இரண்டு நாளும் ஸ்டால் முன்னால் நல்ல வரிசை, போட்டோ எடுத்துப் போட்டார்கள், தெரிந்தவர்கள் எல்லாம் "அண்ணே, செம வியாபாரம்" என்றார்கள். ஞாயிறு இரவு கல்லாவை எண்ணியபோது கையிலிருந்து 9,000 போயிருந்தது. வரிசை நீளமாக இருந்ததற்குக் காரணம் கூட்டம் மட்டுமில்லை, என் கல் மெதுவாக ஓடியதும்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதனால் விலைக்கு முன்னால் கல்லைப் பார்ப்போம். எண்ணெய் தடவி, மாவு ஊற்றி, மூடி வெந்து, திருப்பிப் போட்டு, எடுத்து, அடுத்த ஈட்டுக்குத் தயாராக 7 நிமிடம் ஆகும். வீட்டில் 5 நிமிடத்தில் முடியலாம். திறந்த வெளியில் காற்று அடுப்புத் தீயைச் சாய்க்கும், நடுக்குழி கருகும், ஓரக்குழி வேகாது. 7 என்றே வையுங்கள். மணிக்கு 8 ஈடு, ஒரு கல்லில் 96 பணியாரம், இரண்டு கல்லில் 192. தட்டுக்கு 6 என்றால் மணிக்கு 32 தட்டுதான் வெளியே வரும்.

அடுத்து நேரம். 5 முதல் 10 வரை என்றாலும் 5 மணிக்கு வருபவர்கள் சுற்றிப் பார்க்க வருபவர்கள். சாப்பாட்டுக் கூட்டம் 7 மணிக்கு ஏறி ஒன்பதரைக்கு இறங்கும். ஆக, நாளைக்கு இரண்டரை மணி நேரம், இரண்டு நாளும் சேர்த்து 5 மணி நேரம்தான் உண்மையான வியாபாரம். அந்த 5 மணி நேரத்தில் உங்கள் கல் தரக்கூடியது 160 தட்டு. மீதி நேரத்தில் மணிக்குப் பத்துப் பத்தாக ஒரு 50. மொத்தம் 210. நடத்துபவர்கள் சொல்கிற 600 பேர் வந்து நின்றாலும் உங்களால் கொடுக்க முடியாது.

இனி மொத்தச் செலவு. வாடகை 18,000 என்றால் வரி உட்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வரும், அதாவது இன்னொரு 3,240. சேர்த்து 21,240. மின்சாரத்துக்குப் பிளக் கணக்கில் தனியாக வாங்குவார்கள், 1,000 வைப்போம். இரண்டு ஆளுக்கு நாளைக்கு 800 வீதம் 3,200. வண்டி போக வர 2,000. பேனர், விலைப் பலகை 800. கேஸ் 1,200. எல்லாம் சேர்த்து 29,440, வசதிக்கு 29,500 என்று கொள்வோம். ஆள் கூலியும் கேஸும் ஏன் இந்தக் கணக்கில் வருகிறது என்றால், ஒரு தட்டு விற்றாலும் ஐந்நூறு விற்றாலும் ஆள் நின்றாக வேண்டும், அடுப்பு எரிந்தாக வேண்டும். (கேஸ் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு சிலிண்டரைக் கொண்டுபோய் 7 மணிக்கு அதிகாரி வந்து நிறுத்தச் சொன்னால் அன்றைய கதை அத்தோடு முடிந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றும் கையில் இருக்கட்டும். தற்காலிக ஸ்டாலுக்கும் அது வேண்டும்.)

தட்டோடு கூடவே போகிற செலவு வேறு. 4 பணியாரத்துக்கு மாவும் வெங்காயத் தாளிப்பும் 5 ரூபாய், எண்ணெய் 2, இரண்டு சட்னி 4, பாக்குமட்டைத் தட்டு 4, சட்னிக் கிண்ணமும் டிஷ்யூவும் ஒன்றரை, கருகியது, கீழே விழுந்தது, தெரிந்தவருக்குக் கொடுத்தது ஒன்றரை. மொத்தம் 18. ஆறு என்றால் 22. இதை உங்கள் வீட்டு வியாபாரக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பாக்குமட்டைத் தட்டின் விலையைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். மாவுக்குப் போவதில் ஏறத்தாழ அதே அளவு மட்டைக்கும் போகிற தொழில் இது.

இப்போது உங்கள் 70 ரூபாயை இதில் வைத்துப் பாருங்கள். அசல் 22 போக ஒரு தட்டில் 48 நிற்கும். 210 தட்டுக்கு 10,080. தேவை 29,500. துணிந்து 100 ரூபாய் வைத்தாலும் தட்டுக்கு 78, மொத்தம் 16,380. எந்த விலை வைத்தாலும் இந்தத் தட்டும் இந்த இரண்டு கல்லும் அந்த வாடகையைத் தூக்காது. விலையைக் கேட்டு வந்தீர்கள், ஆனால் முதலில் மாற்ற வேண்டியது தட்டு.

மேளாவுக்கு வருபவர் ஒரே ஸ்டாலில் வயிறு நிரப்ப வருவதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று நாலு இடத்தில் ருசி பார்ப்பார். அவருக்கு 6 பணியாரம் அதிகம். 4 போதும். 12 குழியில் மூன்று தட்டு மிச்சமில்லாமல் பிரியும். 5 என்று வைத்துவிடாதீர்கள், ஈட்டுக்கு 2 பணியாரம் அனாதையாகக் கிடந்து ஆறிப்போகும்.

ஆனால் 4 ஆகக் குறைப்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கல்லில் நிற்காத ஒன்றைத் தட்டில் சேர்ப்பது. செட்டிநாட்டுப் பக்கம் எண்ணெயில் ஊற்றிப் பொரிக்கிற வெல்லப் பணியாரம் இருக்கிறதே, அதை மதியம் வீட்டில் சுட்டு எடுத்துக்கொண்டு போனால் இரவு வரை மெத்தென்று இருக்கும். ஆறினாலும் அதற்கு ருசி குறையாது. காரப் பணியாரம் ஆறினால் ரப்பர், அது கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும். அதனால் 2 காரம், 2 இனிப்பு என்று ஒரு கலவைத் தட்டு வையுங்கள். காரம் சூடாக இருப்பதால் தட்டே சூடாகத் தோன்றும். ஆனால் உங்கள் கல்லில் அந்தத் தட்டு எடுத்துக்கொள்வது 2 குழி மட்டும். ஒரே ஈட்டில் 6 தட்டு! கல் வாங்காமலே கல்லை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டீர்கள். அசலும் ஏறத்தாழ அதே 18-தான். வெல்லத்துக்கும் பொரிக்கிற எண்ணெய்க்கும் கூடுவது சட்னியில் குறைந்துவிடும்.

கூடவே நன்னாரி சர்பத். எசன்ஸ், எலுமிச்சை, ஐஸ், டம்ளர் எல்லாம் சேர்த்து 12 ரூபாய் அடங்கும். அடுப்பு வேண்டாம், 20 விநாடியில் கையில் கொடுக்கலாம். கார சட்னிக்கு அப்புறம் யாருக்கும் தாகம் எடுக்கும். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். சில மேளாக்களில் குளிர்பானமும் தண்ணீரும் விற்கிற உரிமையை ஸ்பான்சருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். தண்ணீர் பாட்டில் விற்க அனுமதி இருந்தாலும் எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வைக்க முடியாது. இடம் பிடிக்கும், லாபம் இல்லை. நான் வைப்பதில்லை.

இப்போதுதான் விலைக்கு வருகிறோம். இங்கே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நெருக்கடியான அந்த 5 மணி நேரத்தில் உங்களிடம் அரிதாக இருப்பது குழி. அதனால் தட்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்பதைவிடக் குழிக்கு எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். 4 காரம் கேட்பவர் 4 குழியை எடுத்துக்கொள்கிறார். கலவை கேட்பவர் 2 குழியோடு போய்விடுகிறார். இரண்டும் ஒரே விலை என்றால் பாதிப் பேர் காரமே கேட்பார்கள், கல் மறுபடி திணறும். காரத் தட்டு விலை கூட இருக்க வேண்டும்.

நான் என்றால் பலகையில் இப்படி எழுதுவேன். கலவைத் தட்டு 80. காரம் நாலு 90. கலவையும் சர்பத்தும் சேர்ந்து 100. சர்பத் மட்டும் 40. அவ்வளவுதான், நாலே வரி. பலகையில் ஐந்தாவது வரி இருந்தால் ஆள் நின்று யோசிப்பார், பின்னால் இருப்பவர் நகர்ந்துவிடுவார்.

இதில் 100 ரூபாய் வரிதான் உங்கள் வியாபாரம். மற்ற விலைகள் அதை நோக்கித் தள்ளுவதற்காக இருக்கின்றன. 80 ரூபாய்த் தட்டைப் பார்த்தவர் இன்னும் 20 போட்டால் 40 ரூபாய் சர்பத் கிடைக்கிறது என்று பார்ப்பார். உங்களுக்குக் கலவையில் 62 நிற்கும், சேர்த்து எடுத்தால் 70 நிற்கும். அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம், கூடுதலாக ஒரு குழிகூடப் போகவில்லை. குழிக்கணக்கில் பார்த்தால் காரத் தட்டில் 72 நின்றாலும் குழிக்கு 18-தான். கலவையில் குழிக்கு 31, சர்பத்தோடு 35.

100 என்பது ஒரே நோட்டு என்பதும் முக்கியம். இப்போது முக்கால்வாசி க்யூஆர்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் மைதானத்தில் 8 மணிக்குப் பல ஆயிரம் போன் ஒரே நேரத்தில் இருக்கும்போது நெட்வொர்க் தள்ளாடும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆள் பணம் எடுத்து நீட்டுவார். 85, 95 என்று வைத்தால் அந்த இடத்தில் சில்லறைக்கு அலைவீர்கள். ஒரு ஆளுக்கு அரை நிமிடம் போனால் மணிக்கு எத்தனை தட்டு போகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் நாள் போகும்போது 10 ரூபாய் நோட்டும் 20 ரூபாய் நோட்டுமாக 2,000-க்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தட்டு போகும்? நடத்துபவர் சொல்வதை வைக்காதீர்கள், அவர் விற்பது ஸ்டாலை. அவரே நடத்துகிற வேறொரு மேளாவுக்குப் போய் 8 மணிக்கு உங்களைப் போன்ற ஒரு பலகார ஸ்டால் எதிரில் 15 நிமிடம் நின்று தட்டை எண்ணுங்கள். டீ குடித்துக்கொண்டே எண்ணலாம், யாரும் கேட்க மாட்டார்கள். 19 தட்டு என்றால் மணிக்கு 75 என்று வைத்துக்கொள்ளலாம். நெருக்கடியான 5 மணி நேரத்துக்கு 375, மீதி 5 மணி நேரத்துக்கு மணிக்கு 15 வீதம் 75. ஆக 450. இந்த எண்ணிக்கையில் கணக்கை ஓட்டிப் பார்ப்போம்.

450-இல் 240 பேர் சர்பத்தோடு கலவை எடுத்தால் 16,800 நிற்கும். 110 பேர் கலவை மட்டும், 6,820. 100 பேர் காரம், 7,200. தட்டு வாங்காமல் சர்பத் மட்டும் குடிப்பவர் 120 பேர், 3,360. கூட்டினால் 34,180. செலவு 29,500 போனால் கையில் 4,680. தட்டுக்குச் சராசரியாக 76 நிற்கிறது, அதனால் 388-ஆவது தட்டு வரை வாடகை வாங்குபவருக்கும் மற்றவர்களுக்கும் உழைக்கிறீர்கள். அதற்கு மேல் போவதுதான் உங்களுடையது.

கல் தாங்குமா? இந்தக் கணக்கில் மொத்தம் 1,100 காரப் பணியாரம். நெருக்கடி நேரத்தில் மணிக்கு 183 வரும், இரண்டு கல் தருவது 192. தாங்கும், ஆனால் மூச்சு விட முடியாது. ஒரு ஈடு ஒட்டிக்கொண்டால் வரிசை பின்வாங்கும். மூன்றாவது கல்லும் அடுப்பும் எடுத்துப் போங்கள். இனிப்பு 700, நாளைக்கு 350. இரண்டு வாணலி வைத்தால் மதியம் இரண்டு மணி நேர வேலை.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் வேலை (மாவு அரைக்கிற வெள்ளிக்கிழமையையும் சேர்த்து), குடும்பத்தில் இரண்டு பேர், கையில் 4,680. மொத்த விற்பனை 46,600, அதில் 21,240 வாடகைக்கும் அதன் வரிக்கும். ஏறக்குறைய பாதி. விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகும் மேளாவுக்கு நான் போவதை நிறுத்திவிட்டேன். வாடகை எவ்வளவு என்பது தட்டு விலையை முடிவு செய்யாது. வாங்குபவருக்கு உங்கள் வாடகை தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. பக்கத்து ஸ்டாலில் என்ன விலை, தட்டில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான் அவர் பார்ப்பார். போவதா வேண்டாமா என்பதை மட்டும்தான் வாடகை முடிவு செய்யும்.

அதனால் வாடகையில் பேசிப் பாருங்கள். கடைசி வாரத்தில் காலியாகக் கிடக்கும் ஸ்டாலுக்கு விலை இறங்குவது உண்டு. 12,000-க்கு வந்தால் வரியோடு 14,160, உங்கள் கையில் 4,680 என்பது 11,760 ஆகிவிடும். இன்னொரு வழி, வாசலுக்கும் மேடைக்கும் நடுவே ஆள் போய்வருகிற வழியில் இடம் கிடைத்து 550 தட்டு போனால் கிட்டத்தட்ட அதே 12,300 வரும். மூலையில் கழிப்பறைக்குப் பக்கத்தில் இதே 18,000 என்றால் விட்டுவிடுங்கள். மற்றபடி சென்னை தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரிப் பல வாரம் நடப்பது வேறு கணக்கு. அங்கே முதல் மூன்று நாள் தப்பு செய்து நான்காம் நாள் விலையைத் திருத்திக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும். வசூல் யார் கையில்? கூப்பன் முறையோ பொது க்யூஆரோ வைத்து, பணத்தை அவர்கள் வாங்கி, கமிஷன் பிடித்துக்கொண்டு அப்புறம் தருகிற மேளாக்கள் இருக்கின்றன. 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது சின்னதாகத் தெரியும். அது லாபத்தில் 15 சதவீதம் இல்லை, விற்பனையில். 46,600-இல் 6,990 போகும். உங்கள் 4,680 காணாமல் போய் 2,310 கையிலிருந்து கட்டுவீர்கள். எனக்கு ஒரு இடத்தில் அந்தப் பணமும் ஏழு வாரம் கழித்துத்தான் வந்தது. கமிஷன் இருந்தால் வாடகை பாதியாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் முழுதாக வேண்டும் என்பவரிடம் போகாதீர்கள்.

விலையை இன்னும் ஏற்றலாமா என்று அடுத்துத் தோன்றும். எல்லாத் தட்டிலும் 10 ஏற்றினால் தட்டுக்கு 76 நின்ற இடத்தில் 86 நிற்கும். அதே 34,180 வர 398 தட்டு போதும். அதாவது 450-இல் 52 பேர் வரை விலையைப் பார்த்து விலகினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. ஏறத்தாழ ஒன்பதில் ஒருவருக்கு மேல் விலகினால்தான் ஏற்றியது தப்பு. பொதுவாகப் பத்து ரூபாய்க்கு அவ்வளவு பேர் விலக மாட்டார்கள். ஆனால் உங்கள் 100-ஐ 110 ஆக்கினால் அந்த ஒற்றை நோட்டின் வேகம் போய்விடுகிறது. அதனால் முதல் நாள் 100-ஐத் தொட வேண்டாம். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காரத் தட்டை 100 ஆக்குங்கள். குறைத்துப் பார்ப்போம் என்ற ஆசை வந்தால் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பத்து குறைத்தால் தட்டுக்கு 66, அதே பணத்துக்கு 518 தட்டு வேண்டும். 68 தட்டு அதிகம். இரண்டு கல்லில் மூச்சு முட்டுகிற நேரத்தில் அந்த 68 எங்கிருந்து வரும்?

"வீட்டில் 6 பணியாரம் 40 ரூபாய்க்கு வாங்கும் பழைய வாடிக்கையாளர் மேளாவில் வந்து பார்த்தால்?" என்று உங்களுக்குச் சங்கடம் இருக்கும். அதற்குத்தான் தட்டே வேறாக இருக்கட்டும் என்கிறேன். அதே 6 காரத்தை 40-லிருந்து 100-க்கு ஏற்றினால் கொள்ளை என்பார். இனிப்பு, காரம், இரண்டு சட்னி, பாக்குமட்டை, சர்பத் என்று வேறொரு தட்டைப் பார்த்தால் ஒப்பிட அவரிடம் பழைய விலை இல்லை.

முதல் நாள் 8 மணிக்கு ஒரு ஐந்து நிமிடம் கணவரை அடுப்பில் நிறுத்திவிட்டு ஸ்டாலுக்கு எதிரில் போய் நில்லுங்கள். பலகையைப் படித்துவிட்டு நகர்ந்து போகிறார்கள் என்றால் விலையோ, பலகையோ உறுத்துகிறது. பக்கத்து ஸ்டால் பலகையையும் பாருங்கள். பலகையைப் படிக்காமலே வாங்குகிறார்கள் என்றால் இன்னும் பத்து ரூபாய்க்கு இடம் இருக்கிறது. வரிசையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், பின்னால் இருப்பவர்கள் விலகுகிறார்கள் என்றால் அது விலைப் பிரச்சினையே இல்லை, கை போதவில்லை. அப்போது பணம் வாங்குகிறவரையும் தட்டு கொடுக்கிறவரையும் பிரித்துவிடுங்கள். காரத் தட்டு வரியைப் பலகையில் ஒரு மணி நேரத்துக்கு மூடிவைத்தாலும் சரிதான். விலையைக் குறைத்தால் வரிசைதான் இன்னும் நீளும்.

விலையை ஒரே மாலையில் நடுவே மாற்றாதீர்கள். 7 மணிக்கு 80-க்கு வாங்கியவர் 9 மணிக்கு நண்பரைக் கூட்டிவருவார். மறுநாள் மாற்றலாம், கூட்டம் பெரும்பாலும் புதிது. அதற்கு உதவ யுபிஐ கணக்கு உங்கள் போனிலேயே நேரத்தோடு இருக்கிறது. இரவு வீட்டுக்குப் போய் எந்த மணியில் எத்தனை 100, எத்தனை 80 வந்தது என்று எண்ணினால் நான் சொன்ன 375-உம் 75-உம் உங்கள் மேளாவில் எப்படி விழுகிறது என்று தெரிந்துவிடும். அதை வைத்து ஞாயிற்றுக்கிழமை மாவை ஊறப்போட முடியாது, அது முன்பே ஊறிவிட்டது. ஆனால் இனிப்பை எத்தனை சுடுவது என்று முடிவு செய்யலாம்.

கடைசி அரை மணி நேரம் வரும்போது எல்லோருக்கும் கை நடுங்கும், பக்கத்து ஸ்டாலில் "எது எடுத்தாலும் 50" என்று கத்த ஆரம்பிப்பார்கள். முதல் நாள் அதில் சேர வேண்டாம். மீந்த இனிப்பை உங்கள் வீட்டிலும் ஆட்கள் வீட்டிலும் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், மறுநாள் புதிதாகவே சுடுங்கள். மாவை இரண்டு வாளியாகப் பிரித்து ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் அந்த வாளி புளிக்காமல் மறுநாளுக்கு வரும். இரண்டாம் நாள் ஒன்பதேகாலுக்கு மேல் மிச்சம் நிறைய இருந்தால் விலையைக் குறைப்பதற்குப் பதில் பணியாரத்தைக் கூட்டுங்கள். 100 ரூபாயை 80 ஆக்கினால் உங்களுக்கு 20 போகிறது. அதே 100-க்கு 2 இனிப்பு சேர்த்துப் போட்டால் போவது ஐந்தாறு ரூபாய், அதுவும் எப்படியும் மீந்துபோகிற சரக்கில். வாங்குபவருக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரியும்.

மழையை மட்டும் எந்த விலையாலும் சரிக்கட்ட முடியாது. ஒரு மாலை முழுக்க மழையில் போனால் 225 தட்டோடு நிற்பீர்கள், 17,100 வரும், 12,400 கையிலிருந்து போகும். அரைத்த மாவு தனி. இந்தத் தொகை போனாலும் அடுத்த மாதம் வீட்டுச் செலவு நடக்குமா என்று பார்த்துக்கொண்டு, மழைக்கு வாடகை திரும்ப வருமா, ஸ்டாலுக்கு மேலே தகரமா துணியா என்பதையும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.